எச்சங்கள் கூறும் உண்மை

நம் சங்கத்து அன்பர்கள் பல துறைகளில் பயில்கின்றனர். பொருளாதாரம் பயில்வோர் வருமானத்தையும் செலவையும் இணைத்துப் பார்க்கின்றனர். வேளாண்மை பயில்வோர் உரத்தையும் விளைச்சலையும் இணைக்கின்றனர். பொறியியல் பயில்வோர் சுமையையும் வளைவையும் இணைக்கின்றனர். துறை எதுவாயினும், ஆய்வேட்டின் நடுப்பகுதியில் ஒரு நேர்கோடு வந்து நிற்கிறது. 'ரிக்ரெஷன்' என்று வகுப்பில் கூறப்படும் அந்த நேர்கோட்டுத் தொடர்புப் போக்கை இன்று கணிப்பொறி கண்ணிமைக்கும் நேரத்தில் கணித்துத் தருகிறது. தருவதோடு நில்லாமல் சாய்வு, திட்டப்பிழை, ஆர்-வர்க்கம் என்று எண்களை அடுக்குகிறது. புள்ளியியல் மாணவன் என்ற முறையில் இத்தகைய தாள்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். எண்கள் எல்லாம் இருக்கும். எச்சங்களின் படம் மட்டும் இராது. அந்தப் படத்தைப் பற்றியே ஈண்டு எழுத விரும்புகிறேன்.

பொதுப்படப் பேசினால் மனத்தில் தங்காது. ஆகவே ஒரே ஓர் எடுத்துக்காட்டை எடுத்து, அதனை முடிவு வரை கொண்டு செல்வோம். 1920-களில் மோட்டார் வண்டிகளைக் கொண்டு எடுத்த அளவுகள் அவை. வண்டி ஓடிய வேகம் மணிக்கு எத்தனை மைல், அது நிற்பதற்குள் எத்தனை அடி ஓடியது என்று 50 முறை அளந்து குறித்துள்ளனர். மார்டகை எசக்கியல் என்ற அறிஞர் 1930-இல் வெளியிட்ட நூலில் இந்த அளவுகள் இடம்பெற்றன. இன்று 'ஆர்' என்னும் கணிப்பொறி மொழியில் `cars` என்ற பெயரில் அவை உடன் வருகின்றன. ஆதலால் இக்கட்டுரையில் வரும் ஒவ்வோர் எண்ணையும் நீங்களே சரிபார்த்துக் கொள்ளலாம்.

எச்சம் என்பது யாது?

ஐம்பது புள்ளிகளின் ஊடே மீச்சிறு வர்க்க முறையில் நேர்கோடு வரைந்தால் கிடைப்பது இது:

தூரம் = −17.58 + 3.93 × வேகம்

வேகம் ஒரு மைல் கூடினால் நிற்கும் தூரம் ஏறத்தாழ 4 அடி கூடுகிறது என்பது இதன் பொருள். ஆர்-வர்க்கம் 0.65. தூரங்களிடையே காணும் வேறுபாட்டில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கை வேகமே விளக்கி விடுகிறது என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குச் செல்வோர் உண்டு. நாம் சற்று நிற்போம்.

மணிக்கு 14 மைல் வேகத்தில் சென்ற ஒரு வண்டி 80 அடி ஓடி நின்றது. கோடு கூறும் தூரமோ 37.5 அடி. இதனைப் பொருத்திய மதிப்பு என்போம். உண்மைத் தூரத்திலிருந்து பொருத்திய மதிப்பைக் கழித்தால் 42.5 அடி மிஞ்சுகிறது. கோட்டினால் விளக்க முடியாமல் எஞ்சி நின்ற இந்தப் பகுதிதான் எச்சம். ஐம்பது வண்டிகளுக்கும் ஐம்பது எச்சங்கள் உண்டு. கோட்டுக்கு மேலே உள்ள புள்ளிக்கு மிகை எச்சம். கீழே உள்ளதற்குக் குறை எச்சம்.

நேர்கோட்டை நம்புவதற்கு நாம் நான்கு எடுகோள்களை வைத்துக் கொள்கிறோம். ஒன்று, உறவு உண்மையிலேயே நேர்கோட்டு உறவு. இரண்டு, கோட்டைச் சுற்றியுள்ள சிதறல் எல்லா இடங்களிலும் ஒரே அளவு. மூன்று, ஓர் அளவின் பிழை இன்னோர் அளவின் பிழையைச் சாராதது. நான்கு, பிழைகள் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுவன. பிழைகளை நாம் கண்ணால் காண முடியாது. உண்மைக் கோடு எதுவெனத் தெரிந்தால் அல்லவோ பிழையை அளக்கலாம்? ஆகவே பிழைகளுக்குப் பதிலாள்களாக எச்சங்களைப் பார்க்கிறோம். எடுகோள்கள் மெய்யானால் எச்சங்களில் எந்தக் கோலமும் தென்படலாகாது.

படத்தை வரையும் முறை

கிடை அச்சில் பொருத்திய மதிப்பு, நெடு அச்சில் எச்சம், நடுவே சுழியில் ஒரு கிடைக்கோடு. அவ்வளவே.

```
m1 <- lm(dist ~ speed, data = cars)
plot(fitted(m1), resid(m1))
abline(h = 0)
```

கிடை அச்சில் பொருத்திய மதிப்புக்குப் பதிலாக அளந்த தூரத்தையே வைத்து விடுவோர் சிலர் உளர். அது கூடாது. அளந்த தூரம் என்பது பொருத்திய மதிப்பும் எச்சமும் சேர்ந்த கூட்டுத்தொகை. எச்சம் பெரிதானால் தூரமும் பெரிதாகத்தான் இருக்கும். ஆகவே எடுகோள்கள் எல்லாம் பழுதற்றிருந்தாலும் அந்தப் படம் மேல்நோக்கிச் சாய்ந்தே காணும். நம் எடுத்துக்காட்டில் அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள ஒட்டுறவுக் கெழு 0.59, இது ஆர்-வர்க்கத்திலிருந்து தானாகவே வரும் எண், வண்டியைப் பற்றி எதுவும் கூறுவதன்று.

பொருத்திய மதிப்பை வைத்து வரைந்த படத்தில் நேர்ச் சாய்வு ஒருபோதும் வராது. மீச்சிறு வர்க்க முறை எச்சங்களின் கூட்டுத்தொகையைச் சுழியாக்கி விடுகிறது. வேகத்துக்கும் எச்சத்துக்கும் உள்ள நேர்கோட்டு உறவையும் முற்றத் துடைத்து விடுகிறது. அந்த நேர்ப்பகுதியை நீக்கிய பின் மிஞ்சுவது வளைவும் விரிவுமே. மூலப் படத்தில் ஏறுகோட்டின் பெருமையில் மறைந்து கிடந்தவை இங்கே பெரிதாகித் தெரிகின்றன. எச்சப் படத்தின் பயன் இதுவே.

படத்தில் கண்டவை இரண்டு

இப்போது நம் படத்தை இடமிருந்து வலமாகப் பார்ப்போம்.

இடக்கோடியில், மணிக்கு 4 மைல் முதல் 8 மைல் வரை ஓடிய வண்டிகள் ஐந்து. அவற்றின் எச்சங்களின் சராசரி +4.8 அடி. நடுவில், 9 முதல் 20 மைல் வரை, முப்பத்தெட்டு வண்டிகள். அங்கே சராசரி ஏறத்தாழ −2 அடி. வலக்கோடியில், 22 முதல் 25 மைல் வரை, ஏழு வண்டிகள். சராசரி மீண்டும் +7.2 அடி. மேலே, கீழே, மேலே என்று புள்ளிக் கூட்டம் மெல்ல வளைகிறது. விளிம்புகள் உயர்ந்து நடு தாழ்ந்த கிண்ணம் போல. உறவு வளைந்தது; நாமோ நேராக வரைந்து விட்டோம் என்பதற்கு இதுவே அடையாளம். இடக்கோடியில் இன்னொரு சான்றும் உண்டு. 4 மைல் வேகத்துக்குக் கோடு தரும் தூரம் −1.85 அடி. சுழிக்கும் குறைவான தூரத்தில் எந்த வண்டியும் நின்றதில்லை.

இரண்டாவது, விரிவு. 10 மைலும் அதற்குக் கீழும் ஓடிய ஒன்பது வண்டிகளின் எச்சங்கள் −7.8 அடிக்கும் +12.3 அடிக்கும் இடையே அடங்கி விடுகின்றன. 18 மைலும் அதற்கு மேலும் ஓடிய பத்தொன்பது வண்டிகளின் எச்சங்களோ −29 முதல் +43 வரை பரந்து கிடக்கின்றன. இடப்புறம் இருபது அடி அகலம். வலப்புறம் எழுபத்திரண்டு அடி அகலம். கைவிசிறியை விரித்தது போன்ற இந்த வடிவம் சிதறல் ஒரே அளவில் இல்லை என்பதைக் காட்டுகிறது. வலப்புறம் எண்ணிக்கை அதிகமாதலால் அகலம் சற்றுக் கூடுவது இயல்பே என்று ஒருவர் கூறலாம். உண்மைதான், ஆனால் எண்ணிக்கை இரு மடங்கானதால் மட்டும் அகலம் மூன்றரை மடங்காகி விடாது.

கண் ஏமாற்றுமா?

ஏமாற்றும். வானத்து மேகத்தில் யானையைக் காணும் கண் அல்லவா? ஐம்பது புள்ளிகளைக் கண்டபடி தூவினாலும் அதில் ஒரு வளைவையோ விசிறியையோ கண்டு விடும். இதற்கு ஓர் எளிய மாற்று உண்டு. நான் பிறருக்குப் பரிந்துரைப்பது அதுவே. எடுகோள்கள் யாவும் மெய்யாக உள்ள போலிப் படங்களைக் கணிப்பொறியைக் கொண்டே செய்து பார்க்க வேண்டும். நம் கோட்டின் எச்சத் திட்டப்பிழை 15.38 அடி. அதே அளவு சிதறலுள்ள எச்சங்களை உண்டாக்குவது ஒரே வரி:

```
plot(fitted(m1), rnorm(50, 0, 15.38))
```

இதனைப் பத்தொன்பது முறை செய்து, பத்தொன்பது போலிப் படங்களோடு உண்மைப் படத்தையும் கலந்து, இந்த ஆய்வையே அறியாத அறைத்தோழர் ஒருவரிடம் கொடுத்து, 'இவற்றுள் வேறுபட்டது எது?' என்று கேளுங்கள். அவர் உண்மைப் படத்தைச் சுட்டிக் காட்டினால் கோலம் கற்பனையன்று. குருட்டாம்போக்கில் அவர் சரியாகச் சுட்டுவதற்கு இருபதில் ஒரு வாய்ப்பே உண்டு. சுட்ட முடியாமற் போனால், படத்தில் நாம் கண்ட கோலத்துக்காகப் பெரிய மாற்றங்கள் செய்யும் முன் ஒரு முறைக்கு இரு முறை யோசிக்கலாம்.

நம் படத்தில் விசிறி வலுவானது. வளைவு அவ்வளவு வலுவானதன்று. வேகத்தின் வர்க்கத்தையும் சமன்பாட்டில் சேர்த்துச் சோதித்தால் அந்த உறுப்புக்கு வரும் பீ-மதிப்பு 0.136. ஐந்து விழுக்காட்டு எல்லையை மட்டும் பார்ப்பவர் 'வளைவு இல்லை' என்று எழுதி விடுவார். அது தவறான வாசிப்பு. வளைவு இருப்பதற்கு இவ்வளவுகள் போதிய சான்று தரவில்லை என்பதே அந்த எண்ணின் பொருள்; வளைவு இல்லை என்பதன்று. இத்தகைய இடத்தில் பொருளின் இயல்பைப் பற்றிய அறிவும் பேச வேண்டும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்கும் வரை வண்டி ஓடும் தூரம் வேகத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். மிதித்த பின் ஓடும் தூரமோ வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதம். ஏனெனில் உராய்வு விசை தீர்க்க வேண்டிய இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் அந்தத் தூரம் நான்கு மடங்காகும். ஆகவே உறவு வளைந்திருக்க வேண்டும் என்பதைப் படம் காட்டும் முன்பே பௌதிகம் கூறி விடுகிறது.

அதனால் விளையும் கேடு

'கோலம் இருந்தால் இருக்கட்டும், ஆர்-வர்க்கம் 0.65 இருக்கிறதே' என்பாருக்கு இரண்டு எண்களைக் காட்டுவேன்.

10 மைல் வேகத்தில் ஒரு புதிய வண்டி வந்தால் அது எத்தனை அடியில் நிற்கும்? நேர்கோட்டுச் சமன்பாடு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பிக்கையுடன் தரும் முன்கணிப்பு எல்லைகள் −9.8 அடி முதல் 53.3 அடி வரை. கீழெல்லை நகைப்புக்கு இடமாகிறது. 24 மைல் வேகத்துக்கு அதே சமன்பாடு தரும் எல்லைகள் ஏறத்தாழ 45 அடி முதல் 109 அடி வரை. ஆனால் 24 மைலில் ஓடிய நான்கு வண்டிகளுள் ஒன்று 120 அடி ஓடியே நின்றது. மெதுவாகச் செல்லும் இடத்தில் தேவையற்ற அகலமும், விரைந்து செல்லும் இடத்தில் போதாத அகலமும் தருகிறது இந்தச் சமன்பாடு. எல்லா இடத்துக்கும் ஒரே 15.38 அடிச் சிதறலைப் பங்கிட்டதன் விளைவு இது. சாலையில் முன்செல்லும் வண்டிக்கும் நமக்கும் இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று இதைக் கொண்டு விதி வகுத்தால், ஆபத்து மிகுந்த இடத்தில்தான் அந்த விதி பொய்த்துப் போகும்.

கேடுகள் ஒரே தரத்தன அல்ல என்பதையும் இங்கே பிரித்தறிய வேண்டும். வளைவைத் தவறவிட்டால் கோடே தவறு. அதற்குப் பின் வரும் எந்த எண்ணையும் நம்ப இயலாது. சிதறல் ஒரே அளவில் இல்லாவிட்டால் சாய்வு சராசரியில் ஒரு பக்கம் சாய்ந்து விடாது. திட்டப்பிழையும் முன்கணிப்பு எல்லைகளுமே பழுதுபடும். ஆகவே முதலில் வளைவைத் திருத்துக. பிறகு விரிவைப் பார்க்க. வளைவைத் திருத்தாமல் விரிவைச் சோதித்தால், வளைவே விரிவு போல வேடமிட்டு நம்மை மயக்குவதும் உண்டு.

பரிகாரங்கள்

முதற் பரிகாரம், வேகத்தின் வர்க்கத்தைச் சேர்ப்பது. அவ்வாறு செய்தால் கிடைக்கும் சமன்பாடு:

தூரம் = 2.47 + 0.913 × வேகம் + 0.100 × வேகத்தின் வர்க்கம்

கிண்ணம் மறைகிறது. ஆனால் விசிறி மறையவில்லை. 10 மைல் வரையுள்ள எச்சங்களின் அகலம் 22 அடி. 18 மைலுக்கு மேல் 67 அடி. ஒரு நோய் தீர்ந்து மற்றொன்று நின்று விட்டது.

இரண்டாவது பரிகாரம், தூரத்தின் அளவுகோலையே மாற்றுவது. தூரத்துக்குப் பதிலாக அதன் வர்க்கமூலத்தை எடுத்துக் கொள்வோம். இதற்கு இரண்டு காரணம் உண்டு. தூரம் ஏறத்தாழ வேகத்தின் வர்க்கம் போல வளர்வதால், அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ நேர்கோடாக வளரும். மேலும் வர்க்கமூலம் பெரிய எண்களிடையே உள்ள இடைவெளியை மிகுதியாகவும், சிறிய எண்களிடையே உள்ளதைக் குறைவாகவும் சுருக்குகிறது. 100-க்கும் 121-க்கும் இடையே 21 இருந்தது 1 ஆகிறது, 4-க்கும் 9-க்கும் இடையே 5 இருந்ததும் 1 ஆகிறது. விசிறியின் விரிந்த முனையை மடக்க இது ஏற்றது. வளைவு, விரிவு இரண்டுக்கும் ஒரே மருந்து கிடைப்பது எப்போதும் நடப்பதன்று, இங்கே நடக்கிறது.

```
m2 <- lm(sqrt(dist) ~ speed, data = cars)
plot(fitted(m2), resid(m2))
```

கிடைக்கும் சமன்பாடு: தூரத்தின் வர்க்கமூலம் = 1.277 + 0.322 × வேகம். மீண்டும் எச்சங்களைப் பார்ப்போம். மருந்து கொடுத்த பின் நாடி பார்ப்பது போல இதனைத் தவறாமற் செய்ய வேண்டும். இடக்கோடி ஐந்து வண்டிகளின் எச்சச் சராசரி −0.16, நடுவில் ஏறத்தாழ சுழி, வலக்கோடி ஏழின் சராசரி +0.11. எச்சத் திட்டப்பிழை 1.10 என்பதோடு ஒப்பிட்டால் இவை பொருட்படுத்தத் தக்கன அல்ல. கிண்ணம் போயிற்று. அகலமோ, இடப்புறம் −1.5 முதல் +1.3 வரை, வலப்புறம் −2.1 முதல் +2.1 வரை. மூன்றரை மடங்காக இருந்த வேறுபாடு ஒன்றரை மடங்குக்குள் வந்து விட்டது. வலப்புறம் புள்ளிகள் இரு மடங்கு என்பதை எண்ணினால் இவ்வேறுபாடு இயல்பானதே.

இப்போது முன்கணிப்பைக் காண்போம். எல்லைகளை வர்க்கப்படுத்தி அடிக்குத் திருப்பினால், 10 மைலுக்கு ஏறத்தாழ 5 அடி முதல் 46 அடி வரை. 24 மைலுக்கு ஏறத்தாழ 45 அடி முதல் 128 அடி வரை. சுழிக்குக் கீழான தூரம் இல்லை. 120 அடி ஓடிய வண்டியும் எல்லைக்குள் வந்து விட்டது.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் கூறியாக வேண்டும். புதிய சமன்பாட்டின் ஆர்-வர்க்கம் 0.71. பழையது 0.65 தானே, இது மேல் என்று சொல்லாதீர்கள். ஒன்று அடியை விளக்குகிறது, மற்றொன்று அடியின் வர்க்கமூலத்தை விளக்குகிறது. படியையும் முழத்தையும் ஒப்பிடலாகாது. மாற்றத்தை நியாயப்படுத்துவது எச்சப் படமே. அடுத்து, பொருத்திய வர்க்கமூலத்தை வர்க்கப்படுத்தினால் கிடைப்பது சராசரித் தூரமன்று, இடைநிலைத் தூரம். 10 மைலுக்கு அது 20.3 அடி. சராசரி வேண்டுமாயின் எச்சத் திட்டப்பிழையின் வர்க்கமான 1.2-ஐக் கூட்டி 21.5 என்று கொள்ள வேண்டும். இங்கே வேறுபாடு சிறிது. மடக்கை எடுத்த சமன்பாடுகளில் அது பெரிதாகவும் இருக்கலாம். மூன்றாவது, அளந்த வேகங்கள் 4 முதல் 25 மைல் வரையே. இந்தச் சமன்பாட்டைக் கொண்டு 60 மைல் வேகத்துக்குத் தூரம் கூற எச்சப் படம் எந்த உரிமையும் தராது. அங்கே எச்சமே இல்லையல்லவா?

சில வேளை அளவுகோலை மாற்ற மனம் வராது. ரூபாயின் வர்க்கமூலம் என்றால் படிப்பவர் விழிப்பார். அப்போது வேறு வழிகள் உள்ளன. சிதறல் எவ்வாறு வளர்கிறது என்பது தெரிந்தால், மிகுதியாகச் சிதறும் இடத்து அளவுகளுக்குக் குறைந்த எடையும், அடக்கமான இடத்து அளவுகளுக்குக் கூடிய எடையும் தரலாம். நம் வண்டிகளில் சிதறல் வேகத்தோடு நேர் விகிதத்தில் வளர்கிறது எனக் கொண்டால், வர்க்க உறுப்புச் சேர்ந்த சமன்பாட்டில் இவ்வாறு எழுதலாம்:

```
m3 <- lm(dist ~ speed + I(speed^2), data = cars,
         weights = 1/speed^2)
plot(fitted(m3), rstandard(m3))
```

பின்வரியைக் கவனியுங்கள். எடையிட்ட பின் சாதாரண எச்சங்களை வரைந்தால் விசிறி அப்படியே தெரியும். எடை பலித்ததா என்பது விளங்காது. திட்டப்படுத்திய எச்சங்களையே வரைய வேண்டும்.

மற்றொரு வழி, கோட்டை மாற்றாமல் திட்டப்பிழையை மட்டும் திருத்திக் கொள்வது. ஹால்பர்ட் ஒயிட் என்ற பொருளியலறிஞர் 1980-இல் எழுதிய கட்டுரையால் இம்முறை பரவியது. பொருளாதார மாணவர்கள் 'ரோபஸ்ட்' திட்டப்பிழை என்று அறிவர். சாய்வைப் பற்றி முடிவு கூறுவதே நோக்கமாயின், அளவுகளும் நிறைய இருந்தால், இது போதும். ஆனால் இது வளைவைத் திருத்தாது. ஒரு தனி வண்டியின் முன்கணிப்பு எல்லையையும் திருத்தாது. அந்த ஒரு சொல்லை ஆய்வேட்டில் எழுதிவிட்டால் எச்சப் படம் பார்க்க வேண்டியதில்லை என்ற எண்ணம் சிலரிடம் உள்ளது. அதற்கு ஆதாரம் இல்லை.

தனித்து நிற்கும் புள்ளி

14 மைலில் ஓடி 80 அடியில் நின்ற வண்டியை மறந்து விடவில்லை. வர்க்கமூலம் எடுத்த பின்னும் அது தனித்தே நிற்கிறது. அதன் எச்சம் 3.15, அதாவது திட்டப்பிழையைப் போல் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. அதனை நீக்கி விடலாமா?

நீக்கினால் என்ன ஆகும் என்று முதலில் பார்ப்போம். முதற் கோட்டின் சாய்வு 3.93 இருந்தது 3.98 ஆகும், அவ்வளவே. அதற்குப் பதிலாக 24 மைலில் ஓடிய 120 அடி வண்டியை நீக்கினால் சாய்வு 3.64 ஆகி விடும். இரண்டின் எச்சங்களும் ஏறத்தாழ ஒன்றே, 42.5-உம் 43.2-உம். ஆயினும் விளைவு ஆறு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. 14 மைல் என்பது சராசரி வேகமான 15.4-க்கு அருகில் உள்ளது. 24 மைலோ தொலைவில் உள்ளது. நெம்புகோலின் நடுவில் கை வைப்பதற்கும் நுனியில் கை வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. ஆகவே எச்சத்தின் பருமனை மட்டும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. புள்ளி எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நீக்குவதற்கு உரிமை தருவது எச்சப் படமன்று, மூலக் குறிப்பேடு. அளவைப் பதிந்தபோது எழுத்துப் பிழை நேர்ந்ததா, அந்த வண்டியின் பிரேக் பழுதா, சாலை நனைந்திருந்ததா என்று குறிப்பேடு கூறினால் காரணம் சொல்லி நீக்கலாம். இந்த ஐம்பது அளவுகளுடன் அத்தகைய குறிப்பு ஏதும் வரவில்லை. ஆகவே நான் அதனை வைத்துக் கொள்வேன். அதனோடும் அதனை விட்டும் கணித்த இரு விடைகளையும் எழுதுவேன். அசாதாரணமாக நீண்ட தூரம் ஓடிய வண்டிதான் விபத்துக்கு உள்ளாகும் வண்டி. அதனை ஒதுக்கிவிட்டுப் பாதுகாப்பு விதி வகுப்பதில் பொருளில்லை.

படம் காட்டாதது

நான்கு எடுகோள்களுள் மூன்றாவதைப் பற்றி இதுவரை பேசவில்லை. காரணம், நாம் வரைந்த படம் அதனைக் காட்டாது. ஒரே ஓட்டுநர் பல முறை ஓட்டியிருந்தால் அவருடைய அளவுகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும். ஓட ஓடப் பிரேக் சூடேறியிருந்தால் பிற்பகல் அளவுகள் எல்லாம் நீளும். இதனைக் காண எச்சங்களை அளந்த கால வரிசையில் வரைய வேண்டும். மிகை எச்சங்கள் கூட்டமாகவும் குறை எச்சங்கள் கூட்டமாகவும் தொடர்ந்து வந்தால் சார்பு உண்டு. நம் அட்டவணையோ வேகத்தின் வரிசையில் அடுக்கப்பட்டது. கால வரிசை அதில் இல்லை. எனவே இந்த எடுகோளைச் சோதிக்க வழியில்லை என்பதே நேர்மையான விடை. விலைவாசி, மழையளவு, மாதாந்திர உற்பத்தி போன்ற காலத் தொடர்களை ஆய்வோர் இந்தப் படத்தையே முதலில் வரைய வேண்டும். அங்கே இது தவறினால் திட்டப்பிழை உண்மையை விடச் சிறிதாகத் தோன்றி, இல்லாத உறுதியை இருப்பதாகக் காட்டி விடுவது பெரும்பாலும் நேர்வது.

நான்காவது எடுகோளான இயல்நிலைப் பரவலை நான் கடைசியில் வைக்கிறேன். வகுப்பில் முதலில் கேட்கப்படுவது அதுவே ஆயினும், அளவுகள் ஐம்பது, நூறு என்று ஆகிவிட்டால் சாய்வைப் பற்றிய முடிவை அது அதிகம் கெடுப்பதில்லை. முன்கணிப்பு எல்லை வேண்டுவோர் மட்டும் `qqnorm(resid(m2))` என்று வரைந்து, புள்ளிகள் ஒரு கோட்டில் வருகின்றனவா என்று பார்க்கலாம். வளைவையும் விரிவையும் திருத்தும் முன் அதனைப் பார்ப்பது வீண். வெவ்வேறு அகலமுள்ள சிதறல்களைக் கலந்தால், தனித்தனியே இயல்நிலையில் இருந்தவையும் கலவையில் அவ்வாறு தோன்றா.

இனி உங்கள் ஆய்வேட்டில் சாய்வும் திட்டப்பிழையும் எழுதும் பக்கத்திலேயே எச்சப் படம் ஒன்றையும் சேருங்கள். அதன் கீழ் மூன்று வரி எழுதுங்கள்: என்ன கோலம் கண்டோம், அதற்கு என்ன செய்தோம், செய்த பின் எது மிஞ்சி நிற்கிறது. தேர்வாளர் முதலில் கேட்கப் போவது மூன்றாவது வரியைத்தான். அதனை நீங்களே முந்திக்கொண்டு எழுதி விடலாம்.